ஜிலேபி மாவில் ஒரு டம்ளர் தண்ணீர்

என் வீட்டுக்காரர் கிளாரன்ஸை விவேக் நகரில் புதிதாகப் பார்க்கிறவர்கள் முதலில் பார்ப்பது அவருடைய வலது கையைத்தான். சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கிக் கிடக்கும். இழுத்து நிமிர்த்தினாலும் மறுபடி மடங்கிக்கொள்ளும். அதற்கு ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். கரண்ட் அடித்தது என்பாள் ஒருத்தி. குடித்துவிட்டுச் சாக்கடையில் விழுந்தார் என்பாள் இன்னொருத்தி. அந்த மனுஷன் இருமல் மருந்தைத் தவிர வேறு எதையும் குடித்ததில்லை. "அவன் பொண்டாட்டி வாய்க்குக் கையே மடங்கிப் போச்சி" என்று என் காது படவே எதிர்வீட்டுக்காரி சொன்னாள். மற்ற கதைகளைவிட அவள் கதையில்தான் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் வாய் இல்லை, என் வீம்பு. அதை நானே சொல்லிவிடுகிறேன்.

அவர் பதினைந்து வயதில் சிவாஜி நகரில் ஒரு மார்வாடி மிட்டாய்க் கடையில் பாத்திரம் கழுவச் சேர்ந்தவர். பன்னிரண்டு வருஷம் அங்கே இருந்தார். வெளியே வரும்போது ஜிலேபி பிழிகிற கையோடு வந்தார். என்னைக் கட்டிக்கொண்டது அதற்குப் பிறகுதான். நான் காக்ஸ் டவுனில் பிறந்தவள், அப்பா பெயிண்டர். எங்கள் பெண் ஷோபா பிறந்த மறு வருஷம், தொண்ணூற்று மூன்றில், சொந்தமாக ஒரு தள்ளுவண்டி வாங்கினோம். குழந்தை இயேசு கோயிலுக்குப் போகிற வழியில், மெழுகுவர்த்திக் கடைகளுக்கு அடுத்து நிற்போம். வியாழக்கிழமை நவநாள் ஜெபம். அன்றைக்கு பெங்களூரில் உள்ள எல்லாச் சாமியையும் கும்பிடுகிறவர்களும் அங்கே வருவார்கள். அந்த ஒரு நாள் வியாபாரம்தான் எங்களுக்கு வாரம் முழுவதும் சோறு போட்டது.

அவர் பிழிகிறதைப் பார்க்கவே கூட்டம் நிற்கும். கெட்டித் துணி ஒன்று, நடுவில் பட்டன் ஓட்டை மாதிரி சுற்றித் தைத்த துளை. மாவை அதில் ஊற்றி, துணியின் வாயைச் சேர்த்து முறுக்கி, முறுக்கைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக்கொள்வார். பிழிகிற வேலை மற்ற மூன்று விரல்களுக்கு. தட்டைச் சட்டியில் எண்ணெய் புகையாமல் மிதமாகக் காய்ந்திருக்கும். அதில் கை ஒரே சீராகச் சுற்றும்: உள்ளிருந்து வெளியே மூன்று சுற்று, கடைசியில் ஓர் இழையைக் குறுக்கே இழுத்து எல்லாச் சுற்றையும் ஒட்டவைக்கிற ஒரு வெட்டு. அந்தப் பூட்டு இல்லாவிட்டால் திருப்பும்போது ஜிலேபி பிரிந்து கம்பி கம்பியாகப் போய்விடும். அமுக்கம் கூடினால் இழை தடிக்கும், குறைந்தால் அறுந்துபோகும். அவர் சுற்றினது ஒன்றுகூட அறுந்து நான் பார்த்ததில்லை. தொண்ணூற்றாறு வரைக்கும்.

மாவும் பாகும் என் பொறுப்பு. நாலு பங்கு மைதாவுக்கு ஒரு பங்கு கடலை மாவு, ஒரு கிண்ணம் தயிர், முந்தின தடவை எடுத்து வைத்த பழைய மாவு ஒரு கோப்பை. வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, கட்டி இல்லாமல் ஒரே பக்கமாக அடித்துக் கலந்து மூடி வைக்க வேண்டும். ஏப்ரல் வெயிலில் பத்து மணி நேரத்தில் பொங்கிவிடும். மார்கழிக் குளிரில் ஒரு நாள் முழுக்க ஆனாலும் ஆகும். கடிகாரம் பார்த்துச் செய்கிற வேலை இல்லை இது. மேலே சின்னச் சின்னக் குமிழி கட்டி, புளித்த வாசனை வந்து, கரண்டியால் தூக்கினால் ரிப்பன் மாதிரி அறுபடாமல் இறங்க வேண்டும். புளிப்பு பத்தாவிட்டால் ஜிலேபி உள்ளே குழலாக உப்பாது, பாகு போய் உட்கார இடம் இருக்காது. அதிகமாகப் புளித்தாலோ மாவு பலமிழந்து நீர்த்துப்போய், எண்ணெயில் அப்பளமாகப் பரவும்.

பாகு ஒற்றைக் கம்பி. இரண்டு விரலால் தொட்டுப் பிரித்தால் ஒரே ஓர் இழை எழும்பி அறுந்துவிட வேண்டும். இரண்டு துளி எலுமிச்சைச் சாறு விட்டால் சர்க்கரை பூக்காது. கொதிக்கக் கூடாது, ஆறவும் கூடாது, கை பொறுக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். சட்டியிலிருந்து எடுத்த சூட்டோடு ஜிலேபி அதில் முங்கி, ஒரு நிமிஷத்துக்குள் வெளியே வந்துவிட வேண்டும். அப்போதுதான் பல்லுக்கு மொறுமொறு, நாக்குக்குச் சாறு. பாகு இளகலாக இருந்தால் ஜிலேபி ஊறிச் சொதசொதத்துவிடும். கெட்டியாக இருந்தால் உள்ளே போகாமல் மேலேயே உட்கார்ந்துகொள்ளும்.

இதை எல்லாம் ஏன் இத்தனை நீட்டிச் சொல்கிறேன் என்றால், என் குற்றம் இதற்குள்தான் இருக்கிறது.

தொண்ணூற்றாறு நவம்பரில் கல்லறைத் திருநாள் முடிந்து வந்த வியாழக்கிழமை. காலையில் முதல் சட்டியிலேயே அவருக்கு இழை அறுந்தது. இரண்டாவது ஜிலேபியில் பூட்டு விழவில்லை. துணியை இடது கைக்கு மாற்றி, வலது கையை உதறினார்.

"என்னா மாவு கலந்துக்கீற? கெட்டியாக் கீது. பொழியவே வரல."

"போன வாரம் என்னா அளவோ அதே அளவுதான்" என்றேன்.

"அப்போ எப்பிடி அறுந்துபோவுது?"

"என்னைக் கேட்டா? துணியப் புடிச்சிக்கிணு நிக்கிறது நீங்க."

நான் கரண்டியை மாவில் விட்டுத் தூக்கிப் பார்த்தேன். ரிப்பனாக இறங்கியது. மாவில் ஒரு குறையும் இல்லை. மாதா சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கே எனக்கு அது தெரியும். இரண்டு பேரும் வண்டிக்குப் பின்னால் நின்று அரை மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு சண்டை போட்டோம். வாடிக்கைக்காரர்களுக்கு முன்னால் சிரித்துக்கொண்டே சண்டை போடுகிற வித்தை கடைக்காரர்களுக்குத்தான் தெரியும். அன்றைக்குப் பாதி ஜிலேபி உடைசலாகத்தான் போனது.

அடுத்த புதன்கிழமை மாவு கலக்க உட்கார்ந்தேன். இந்த மனுஷன் நாளைக்கும் என் மாவைக் குற்றம் சொல்லுவார், சொல்ல விடக்கூடாது என்று ஒரு வீம்பு. 'சரிங்க, கொஞ்சம் தளர்வாகக் கலக்கிறேன்' என்று வாய் திறந்து சொன்னால், போன வாரத்து மாவு கெட்டி என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதெப்படி? அதனால் அவர் வெளியே போயிருந்த நேரத்தில், வழக்கமான தண்ணீருக்கு மேல் ஒரு டம்ளர் அதிகமாக ஊற்றினேன். யாரிடமும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மாவு தானாக ஓடியது. சுற்று விழுந்தது, பூட்டு விழுந்தது. அவர் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுவில் வண்டியை என்னிடம் விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போய்விட்டு வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பார்த்தாயா, வாயை மூட வைத்துவிட்டேன் என்று உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம்.

இரண்டு மாதம் ஓடியது. தவக்காலம் பிறக்கிறதற்குள் மறுபடி இழை அறுந்தது. முணுமுணுப்பு வருவதற்கு முன்னாலேயே இன்னும் அரை டம்ளர் ஊற்றிவிட்டேன். கோடை வந்தது. தண்ணீர் கூடின மாவு வெயிலில் சீக்கிரம் புளிக்கும். பதினொரு மணிக்கெல்லாம் தோசை மாவு மாதிரி ஆகிவிடும். ஜிலேபி எழும்பாமல் தட்டையாகப் பரவியது. ஒற்றைக் கம்பிப் பாகில் போட்டால் ஒரு நிமிஷத்தில் துவண்டு விழுந்தது. நான் விடுவேனா? அரிசி மாவு இரண்டு பிடி சேர்த்தேன், மொறுமொறுப்பு வந்தது. பாகை இன்னும் கொஞ்சம் காய்ச்சி ஒன்றரைக் கம்பிக்குக் கொண்டுபோனேன், துவளல் நின்றது. ஒன்றைச் சரிக்கட்ட இன்னொன்று, அதைச் சரிக்கட்ட மூன்றாவது. எனக்குள் கர்வம்கூட இருந்தது. எத்தனை பேருக்கு இப்படி மாற்றி மாற்றிச் செய்ய வரும்?

அவர் கையில் வேறு மாறுதல்கள் வந்தன. சட்டைப் பட்டன் போட நேரம் எடுத்தது. ஜிலேபி திருப்புகிற கம்பி அடிக்கடி நழுவி விழுந்தது. சாப்பிடும்போது சோறு விரலிடுக்கில் ஒழுகும். "சின்னப் புள்ள மாதிரி எறச்சிக்கிணு சாப்புடுறீங்களே" என்று திட்டுவேன். முழங்கைக்குக் கீழே வெளிறின ஒரு தழும்பு இருந்தது, ஒரு ரூபாய் அகலத்துக்கு. எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறவன் கையில் தழும்பு இல்லாமல் பூவா பூத்திருக்கும்? அதை நான் இரண்டாம் தடவை பார்க்கவில்லை.

எங்களிடம் வியாழன் தவறாமல் வருகிற ஒருவர் ஜெயலட்சுமி சிஸ்டர். சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி இல்லை, அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நெற்றியில் குங்குமத்தோடு வந்து குழந்தை இயேசுவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, கால் கிலோ ஜிலேபி வாங்கி அங்கேயே ஒன்று சாப்பிட்டுப் பார்ப்பார். மழைக்காலத்தில் ஒரு நாள் ஒரு வாய் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"கிளாரன்ஸ், கோச்சிக்காதீங்க. முன்னெல்லாம் கடிச்சா பாகு தாடையில வழியும். இப்போ மேல சக்கரை வெள்ளையா பூத்துக்கீது, உள்ள ஒண்ணுமே இல்ல."

அவர் என் பக்கம் திரும்பினார். "கேட்டியா? பாகக் காய்ச்சிக் காய்ச்சிக் கல்லாக்கிடுற. யாரு சொன்னா உனுக்கு?"

"ஆங், உங்க தட்ட ஜிலேபிய நிக்கவெக்க வேற என்னாத்த பண்றது?"

"ஜிலேபி தட்டையாப் போனா மாவு சரியில்லன்னு அர்த்தம். மாவு யாரு கலக்குறது?"

நியாயமான கேள்விதான். பதில் என் தொண்டை வரைக்கும் வந்தது. உங்களுக்குப் பிழியத் தெம்பு இல்லை, அதனால் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லியிருந்தால் சண்டை பெரிதாகியிருக்கும். கைக்கு என்ன என்று யாராவது ஒருவர் கேட்டும் இருப்பார்கள்.

அப்புறம் ஜனவரி, கோயில் திருவிழா. வருஷத்தில் எங்களுக்குப் பெரிய நாள். இந்தத் தடவை பேரைக் காப்பாற்ற வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலாக இந்த மனுஷனுக்காக மாவைத் தண்ணீராக்கி, அதைப் பாகால் முட்டுக்கொடுத்து, பேர் கெட்டதுதான் மிச்சம். போதும். பழைய அளவு, பழைய பதம். பிழிய வேண்டியது அவர் பாடு.

நல்ல குளிர். முந்தின நாள் விடியற்காலையிலேயே மாவைக் கலந்து, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, அடுப்பு மூலையில் வைத்தேன். மறுநாள் காலை மூடியைத் திறந்தபோது குமிழி கட்டி, வாசனையோடு உயிராக இருந்தது. கரண்டியில் அத்தனை அழகாக இறங்கியது. அரிசி மாவு கிடையாது. பாகு ஒற்றைக் கம்பியில் இறக்கினேன்.

வண்டியைச் சுற்றி ஐம்பது பேர் இருப்பார்கள். அவர் துணியை முறுக்கிப் பிடித்தார். சொட்டு சொட்டாக விழுந்தது. மூச்சைப் பிடித்து அமுக்கினார். ஓர் அங்குலம் இழை வந்து நின்றது. இன்னொரு கையையும் சேர்த்து அமுக்கினார், மாவு மேல்வாய் வழியாகப் பிதுங்கி மணிக்கட்டில் வழிந்தது. சட்டியில் கோணல் மாணலாக நாலைந்து துண்டு மிதந்தது. கூட்டத்தில் ஒருத்தன் கன்னடத்தில், "ஏனண்ணா, ஜிலேபியோ பகோடாவோ?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் முகம் சிவந்துவிட்டது. அத்தனை பேர் முன்னால் என்னைப் பார்த்துக் கத்தினார். "மாவா இது? களி! களியக் கிண்டி எடுத்துக்கிணு வந்துக்கீறா. இவளக் கட்டுனதுக்கு நான் கல்லு ஒடைக்கப் போயிருக்கலாம்!"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அவர் கையிலிருந்த துணியைப் பிடுங்கினேன். அதற்கு முன் கூட்டத்தில் நின்று நான் பிழிந்ததே இல்லை. ஆனால் ஐந்து வருஷம் பக்கத்தில் நின்று பார்த்த கண். முறுக்கினேன், அமுக்கினேன். மாவு ஒரே சீராக இறங்கியது. மூன்று சுற்று, ஒரு வெட்டு. கொஞ்சம் முட்டை வடிவமாகத்தான் வந்தது, ஆனாலும் முழுசு. ஒன்று, இரண்டு, ஆறு. அடியில் போய் மெதுவாக மேலே எழும்பி உப்பி மிதந்தன. கூட்டத்தில் கை தட்டினார்கள்.

"பாத்துக்குங்க எல்லாரும்!" என்றேன், சத்தமாகத்தான். "ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம். மாவுல குத்தம் இல்ல சாமி, குத்தம் கையிலதான்!"

மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். அந்த நிமிஷம் எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாகில் முக்கி எடுத்த முதல் ஜிலேபியை ஜெயலட்சுமி சிஸ்டருக்கு நீட்டினேன். கடித்தார், பாகு தாடையில் வழிந்தது. "இதுதாம்மா, இதுதான்!" என்றார்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு, சட்டிக்கு அந்தப் பக்கம் போய், கம்பியை எடுத்து நான் பிழிந்ததைத் திருப்ப ஆரம்பித்தார். நான் அடுத்த சட்டி பிழிந்துகொண்டிருந்தேன். திடீரென்று ஒரு நாற்றம், எண்ணெய் தீய்கிற நாற்றம் இல்லை. கறி கருகுகிற நாற்றம். ஒரு நாளும் கறி ஏறாத எங்கள் வண்டியில் ஏது கறி என்று சுற்றிப் பார்த்தேன்.

"ஐயையோ, கைய எடுங்க! கிளாரன்ஸ், கைய எடுங்க!" ஜெயலட்சுமி சிஸ்டர் ஓடிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். காய்ந்த இரும்புச் சட்டியின் விளிம்பில் வலது கையின் சுண்டு விரல் பக்கத்தை ஊன்றிக்கொண்டுதான் அவர் கம்பியைப் பிடித்திருந்தார். இழுத்தபோது தோல் விளிம்பிலேயே ஒட்டிக்கொண்டது.

"என்னா?" என்றார் அவர். சிஸ்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்புறம்தான் தன் கையைப் பார்த்தார்.

"வலிக்கலியா உங்களுக்கு?" என்றார் சிஸ்டர்.

"எது?"

ஐயோ சேசுவே, அந்த 'எது' இன்னும் என் காதில் இருக்கிறது. நர்ஸம்மா அவர் சட்டைக் கையை மேலே சுருட்டினார். வெளிறின தழும்பை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்து, அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பச் சொல்லி, தழும்பில் குத்தினார். "குத்துறப்போ சொல்லுங்க." அவர் காத்துக்கொண்டே நின்றார். நாலு தடவை குத்தியாகிவிட்டது. "குத்துங்க" என்றார் அவர்.

ஜிலேபித் துணி என் கையிலேயே இருந்தது. மாவு தானாகச் சொட்டி எண்ணெயில் விழுந்து கருகிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை சிஸ்டருடைய ஆஸ்பத்திரியிலேயே தோல் டாக்டரிடம் போனோம். வைத்தீஸ்வரன் என்று பேர், சின்ன வயசு, பொறுமைசாலி. பஞ்சால் தொட்டுப் பார்த்தார், பேனா முனையால் தொட்டுப் பார்த்தார். முழங்கை எலும்புக்குப் பின்னால் விரலை வைத்து உருட்டினார். என் விரலையும் அங்கே வைக்கச் சொன்னார். தோலுக்கு அடியில் கயிறு மாதிரி ஒன்று உருண்டது. அதுதான் நரம்பாம். வீங்கிப்போயிருந்தது. சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் தெம்பும் உணர்ச்சியும் அது வழியாகத்தான் போகுமாம். ஒரு காகிதத்தை விரலிடுக்கில் வைத்துப் பிடிக்கச் சொன்னார். மெல்ல இழுத்தார், வந்துவிட்டது.

"இது தொழுநோய்தான். பயப்படாதீங்க" என்றார். "இப்போ நல்ல மருந்து இருக்கு, இங்கயே இலவசமாத் தருவோம். ஒரு வருஷம் ஒழுங்கா சாப்பிட்டா நோய் முழுசா குணமாயிடும். மருந்து ஆரம்பிச்சிட்டா இவர்கிட்ட இருந்து யாருக்கும் பரவாது. உங்களையும் பொண்ணையும் ஒரு தடவ பரிசோதிச்சிடலாம்."

"கை?" என்றார் அவர். அது ஒன்றுதான் கேட்டார். "டாக்டர், கை வந்துடுமா? ஜிலேபி பொழியிற கை."

"அது நரம்பு எப்போ பலவீனமாச்சுன்றதப் பொறுத்தது. ஆறு மாசத்துக்குள்ளன்னா, தனியா ஒரு மாத்திரை குடுத்து வீக்கத்தக் கொறைச்சா பெரும்பாலும் திரும்பி வரும். அதுக்கு மேல போனா நரம்பு செத்துப்போயிருக்கும். எத்தன மாசமா இப்படி இருக்கு?"

அவர் யோசித்தார். "மூணு, நாலு மாசம் இருக்கும் சார்."

டாக்டர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. பேனாவை எடுத்தார். என் வீட்டுக்காரர் முகத்திலும் அதே நிம்மதி வந்தது. அதைப் பார்த்தேன். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் மருத்துவரிடம் பொய்க் கணக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது? செத்த நரம்புக்குத் தேதி மாற்றிச் சொன்னால் உயிர் வந்துவிடுமா?

"பதினாலு மாசம் ஆவுது டாக்டர்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எப்படிம்மா அவ்வளவு சரியாச் சொல்றீங்க?"

சொன்னேன். கல்லறைத் திருநாளுக்கு அடுத்த வியாழக்கிழமை முதல் இழை அறுந்ததைச் சொன்னேன். மறு புதன்கிழமை ஒரு டம்ளர், தவக்காலத்துக்கு முன்னால் அரை டம்ளர், கோடையில் அரிசி மாவு, கூடவே ஒன்றரைக் கம்பிப் பாகு. அந்த விரல்களுக்குத் தெம்பு குறையக் குறைய நான் மாவைத் தளர்த்திக்கொண்டே வந்திருக்கிறேன். நோய்க்கு நானே மூடிபோட்டு வைத்திருக்கிறேன். சொல்லச் சொல்ல எனக்கே அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் என்னிடமே இருந்தது.

டாக்டர் வெகுநேரம் எழுதினார். அந்தத் தனி மாத்திரையையும் கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் நம்பிக்கை வைக்காதீர்கள் என்றார். இனி மேலும் மடங்காமல் இருக்கப் பயிற்சி செய்ய வேண்டும், சூடு பக்கம் அந்தக் கையைக் கொண்டுபோகவே கூடாது, பழைய பிடி வராது என்றார். 'வராது' என்கிறபோது மட்டும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றோம். கட்டுப் போட்ட கையை அவர் நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றிருந்தது. நடுத்தெருவில் இரண்டு அறை விட்டாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"நீதான் தண்ணி ஊத்துனியா?" என்றார் கடைசியில். குரலில் கோபமே இல்லை.

"ஆமாங்க."

"அந்த மொத வாரம், இழ அறுந்துச்சே, அன்னிக்கி எனக்குக் கையிலதான் என்னமோன்னு தோணிச்சி பெர்னா. மாவுன்னு உன்னாண்ட கத்தினேன். ஆனா உள்ள பயம். சுண்டு வெரலு மரத்துக்கிணு இருந்துச்சி. அடுத்த வாரம் வெள்ளிக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு வெச்சிருந்தேன்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு முந்தின நாளு வியாழக்கெழம, மாவு கடகடன்னு ஓடிச்சி. கை சரியாப் போச்சின்னு நெனச்சிக்கினேன். உள்ளாற போயி, நன்றின்னு ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்கி எதுக்கு?"

பஸ் வந்து நின்றது. ஏறுவதற்காக அவர் வழக்கம்போல வலது கையைக் கம்பிக்கு நீட்டினார். கட்டுப் போட்ட விரல்கள் பிடிக்கவில்லை. நான் பின்னாலிருந்து அவர் முதுகைத் தாங்கி ஏற்றிவிட்டேன்.